அமத்துவதா, தொடுவதா

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து என்று இதுவரை எழுதியதெல்லாம் கடை வாசலில் ஒட்டும் 'சில்லறை தரவும்' மாதிரியான அறிவித்தல்கள்தான். ஆகவே நான் இப்படி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவது கொஞ்சம் கூடுதலான துணிச்சல் என்று எனக்கே தெரியும். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

திருகோணமலையில், உட்துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் எங்களுக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை இருக்கிறது. ரீலோட், போட்டோக்கொப்பி, போன் கவர், அவ்வளவுதான். வருகிறவர்களின் முகத்தைவிட அவர்களுடைய போனைத்தான் எனக்கு அதிகம் தெரியும். முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம்.

எங்கள் பகுதி முதியோர் சங்கத்துச் செயலாளர் ஒரு நாள் கடைக்கு வந்தார். தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்து ஆட்களுக்கு ஸ்மார்ட் போன் பழக்க ஒரு நாள் ஒழுங்கு செய்ய வேண்டும், அதை நான்தான் நடத்த வேண்டும் என்றார்.

"ஐயா, எனக்குக் கூட்டத்தில கதைக்க ஏலாது."

"கதைக்க வேண்டாம் பிள்ளை. காட்டினால் மட்டும் காணும். கதைக்கிறதுக்கு நான் இருக்கிறன்."

அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஐயா கதைக்கத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும்.

பழக்க வேண்டியவை என்று அவர் நிறையச் சொன்னார். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, செய்தி, வரைபடம். "வரைபடம் எதுக்கு ஐயா? ஓர்ஸ் ஹில்லில இருந்து சந்தைக்குப் போற வழி எங்களை விட அவையளுக்குத் தெரியும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் மூன்று விடயங்களோடு நிறுத்திக்கொண்டோம். வட்ஸ்அப்பில் வருகிற அழைப்பை எடுப்பது, நாங்களே அழைப்பது, குரல் செய்தி அனுப்புவது. அதோடு, போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஒரு வரி. நேரம் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குவது.

எல்லாருக்கும் கொடுக்கும் கைத்துண்டை நானே எழுதினேன். ஒரு பக்கம்தான். எழுத்துப் பெரிதாக, ஒரு வரியில் ஒரு வேலை மட்டும், பக்கத்தில் போனில் தெரியும் அதற்குரிய படம். உதவிக்கு ஒரு ஓட்டோக்காரத் தம்பியும், தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவரின் போனைத் தொடக்கூடாது. நாங்கள் செய்து கொடுத்தால் அவர்கள் பழகமாட்டார்கள்.

"அப்ப எனக்கு என்ன வேலை அக்கா?" என்று தம்பி கேட்டார்.

"பொறுமையா நிக்கிறது."

"பஸ் ஸ்டாண்டில நிண்டு பழக்கம்தான்" என்றார்.

சனிக்கிழமை காலை பொதுமண்டபத்துக் கதிரைகளை வட்டமாகப் போட்டோம். சார்ஜ் இல்லாமல் வருவார்கள் என்று நீட்டு வயர்கள் கட்டி வைத்தோம். அப்படியே வந்தார்கள். ஒருவர் டி.வி. ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனை வீட்டில் விட்டுவிட்டு வந்து, திரும்பப் போனார்.

முதல் வரியிலேயே பிழையாய்ப் போனது. வட்ஸ்அப்பைத் திறக்க, கைத்துண்டில் நான் 'பச்சைப் படத்தை அமத்தவும்' என்று எழுதியிருந்தேன். கடையில் எப்போதும் அப்படித்தான் சொல்வது. எங்கள் ஊரில் மணியையும் அமத்துவோம், ஸ்விச்சையும் அமத்துவோம். வந்தவர்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். எல்லாரும் பெருவிரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினார்கள். தபால் ஐயா முத்திரை குத்துவது போல அமத்தினார். அப்படிப் பிடித்தால் போன் வேறு வேலை செய்யும். படம் திறக்காது, இடம் மாற ஆயத்தமாகிவிடும், இல்லாவிட்டால் அதை எடுத்துவிடவா என்று கேட்கும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பச்சைப் படம் விரலோடு கிளம்பி வந்துவிட்டது. "பிள்ளை, பெட்டியைத் தூக்கிப்போட்டன். எங்க இறக்கிறது?" என்றார்.

அமத்த வேண்டாம், தட்டுங்கோ என்றேன். அதுவும் பிழையாய்ப் போனது. கதவு தட்டுவது போல நகத்தால் தட்டினார்கள். நகம் பட்டால் போனுக்குத் தெரியாது. மண்டபம் முழுக்க டொக் டொக் என்று ஒரே சத்தம். "வீட்டில ஒருத்தரும் இல்லைப் போல" என்றார் கிரேன் பெரியவர்.

அப்போதுதான் ஓரத்துக் கதிரையில் இருந்த ராத்தா ஒருவர் வாயைத் திறந்தார்; முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவில் பிறந்து டவுனில் மகனோடு இருக்கும் விதவை; எங்கள் கடைக்கு வருகிறவர்.

"அடுப்பில இருக்கிற சட்டி சுடுதா எண்டு விரலால தொட்டுப் பாக்கிறல்ல புள்ள, அப்பிடியா?"

அப்படியேதான். எல்லாருக்கும் அது விளங்கியது, ஆண்களைத் தவிர. அவர்கள் மனைவிமாரைப் பார்த்துப் பழகினார்கள். நான் சோக் கட்டியால் பலகையில் எழுதினேன்: படத்துக்குத் தொடு. குரல் செய்திக்கு அமத்திப் பிடி. பூட்டியிருக்கும் போனில் அழைப்பு வந்தால் மேலே தள்ளு.

ராத்தா எதற்காக வந்தார் என்று தேநீர் நேரத்தில் சொன்னார். அவருடைய மகள் டோஹாவில். மகள் அழைத்தால் போனை மருமகள்தான் எடுப்பாராம். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கையிலேயே வைத்துக்கொள்வாராம். "நல்ல புள்ளதான். ஆனா என்ட மகள்ட்ட ஒரு கதை சொல்லணும் எண்டா அது குசினி அடுப்புக்கும் போய்த்தான் வருது. ஒரு தரமாவது நான் தனியாக் கதைக்கணும்."

"மருமகளைப் பத்தியா ராத்தா?" என்று தம்பி கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்கு? கையைக் கட்டிட்டு நில்லுங்க."

குரல் செய்தி பழகும் நேரம் வந்தது. ராத்தா பட்டியலில் மேலே இருந்த மகளின் பெயரைக் கண்டுபிடித்தார். விரலை நீட்டினார். தொடுவதற்கு முன் ஒருமுறை கைத்துண்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த இடைவெளியில் அவர்களுடைய குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு யாரோ ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பிவிட்டார்கள். புதுச் செய்தி வந்தால் அந்தப் பெயர் மேலே ஏறிவிடும். மகளின் பெயர் ஒரு படி கீழே இறங்கியது. ராத்தாவின் விரல் இறங்கியது குழுவில். அவரும் கவனிக்கவில்லை, நானும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிவாங்கிப் படத்தை அமத்திப் பிடித்தார். மிகச் சரியாகப் பிடித்தார்.

"மகள், நீ எடுக்கக்குள்ள இவ போனத் தாறா இல்ல. எல்லாத்துக்கும் இவவே பதில் சொல்றா. எனக்கு முழங்கால் நோகுதா எண்டு நீ கேட்டாலும் இவதான் ஓம் எண்டுறா. நீ நாளைக்கு ரெண்டு மணிக்கு எடு, அவ தூங்குவா."

விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது. நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டி முடிந்த பிறகுதான் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ராத்தா, இது மகள் தானா? மேல நிறையப் பேர்ட பேர் இருக்குதே?"

"அதில உங்கட மருமகளும் இருக்கிறாவா?" என்று நான் கேட்டேன்.

ராத்தாவின் முகம் மாறிவிட்டது. "மகன், மருமகள், சம்மந்தி எல்லாரும் இரிக்காங்க புள்ள. இண்டைக்கு நான் எப்பிடி வீட்ட போறது?"

செய்தியை எல்லாருக்கும் அழித்துவிடலாம். அதை அமத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் கேட்கும்: எல்லாருக்கும் அழிப்பதா, எனக்கு மட்டும் அழிப்பதா. நான் அதை மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். ஆனால் தம்பிக்குப் பதற்றம். காலை முழுக்கப் பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்துவிட்டன. போனைப் பறித்தார், அமத்தினார், தொட்டார். செய்தி காணாமல் போனது.

"அழிச்சாச்சு!" என்றார்.

"எதைத் தொட்டனீங்கள்?"

"கிட்ட இருந்ததை."

அவர் தொட்டது 'எனக்கு மட்டும்'. இப்போது அந்தச் செய்தி ராத்தாவின் போனில் மட்டும் இல்லை. மற்ற எல்லாரிடமும் பத்திரமாக இருந்தது. அதைத் திரும்பப் பெறுவதற்குப் போன் சில வினாடிகள் அவகாசம் தரும். அந்த வினாடிகளை நாங்கள் தம்பியைத் திட்டுவதற்குச் செலவழித்தோம்.

ராத்தா போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார். "தெரியாத ஒண்டைப் பழக வந்தனான். இருந்த நிம்மதியும் போச்சு" என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கிரேன் பெரியவர்கூடப் பகிடி விடவில்லை. தபால் ஐயா மட்டும், பிழையான விலாசத்துக்குப் போன கடிதத்தைத் தபால்காரன் திருப்பிக் கொண்டு வருவான் என்று தொடங்கினார். அவருடைய மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

குழுவின் பெயருக்குக் கீழே, மருமகள் குரல் பதிவு செய்கிறார் என்று எழுத்து வந்தது. பிறகு நின்றது. திரும்ப வந்தது. திரும்ப நின்றது. பதில் சொல்வதற்கு அவரும் எங்களைப் போலத்தான் தடுமாறினார் போலும். கடைசியில் செய்தி வந்து விழுந்தது.

"நான் போடவா?" என்றேன்.

"வேணாம். நானே கேக்கிறன்." முக்கோணப் படத்தை ராத்தா தொட்டார், சூடான சட்டியைத் தொடுவது போல. சத்தம் முழுதாக இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மாமி, நீங்க பிடிச்சா சிவப்பை அமத்தி கட் பண்ணிடுறீங்க எண்டுதான் நான் பிடிச்சனான். எனக்கும் கை நோகுதுதான். இனி நீங்களே வச்சுக்கோங்க. நான் குசினியில இருப்பன், கேக்காது." கொஞ்சம் நிறுத்தி, "முழங்காலுக்கு எண்ணெய் பூசாம இருந்தா மட்டும் நான் டோஹா மச்சிட்டச் சொல்லுவன்."

ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "கோவம்தான். ஆனா பரவால்ல, எண்ணெய்யோட நிக்கிது" என்றார்.

அதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. டோஹாவில் இருந்து மகள். அவரும் குழுவில் கேட்டிருக்கிறார். போன் திறந்தபடி கையில் இருந்ததால் மேலே தள்ளும் வேலை இல்லை. பச்சையைத் தொட்டால் போதும். தம்பி தன் கைகளை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ராத்தா தொட்டார். மகளின் முகம் வந்தது. அவர் எழும்பி, போனைத் தலைக்கு மேல் விளக்குப் போலப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே விறாந்தைக்குப் போனார்.

எல்லாருக்கும் காது விறாந்தையில்.

"பிள்ளை, அந்தக் கதவைச் சாத்து" என்றார் கிரேன் பெரியவர். "நாங்கள் நல்ல ஆக்கள் இல்லை."

நான் போய்ச் சாத்தினேன்.

மறுநாள் ராத்தாவின் மருமகள் கடைக்கு வந்து, மாமிக்கென்று, போனைக் கழுத்தில் மாட்டும் நூல் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். நான் கைத்துண்டில் 'அமத்தவும்' என்று இருந்த இடங்களைத் திருத்தி, புதுப் பிரதி எடுத்து வைத்தேன்.