ஐஸ் ஆலையும் பட்டணத்து வேலையும்

இரண்டு கடிதமும் ஒரே கிழமையில் வந்தன. அதற்கு முதல் ஏழு மாதம் எனக்கு வேலை இல்லை. மின்பொறியியலில் டிப்ளோமா முடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர்கள் இங்கிருந்த கிளையை மூடியபோது எல்லாரோடும் சேர்த்து என்னையும் நிற்பாட்டிவிட்டார்கள்.

கலியாணம் முடித்து அப்போது இரண்டு வருசம். நான் வேலணையில் எங்கள் வீட்டில் இருந்தேன். கணவர் நெடுந்தீவில் கணித ஆசிரியர். வெள்ளிக்கிழமை பின்னேரப் படகில் புறப்பட்டு, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர இருட்டிவிடும். திங்கட்கிழமை விடியமுதல் திரும்பிப் போக வேண்டும். நடுவில் இருக்கிற இரண்டு நாளில் உடுப்புத் தோய்ப்பதும் சந்தைக்குப் போவதும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தில்தான் நாங்கள் புருசன் பெண்சாதியாக இருந்தோம்.

முதல் கடிதம் நெடுந்தீவில் இரண்டு வருசத்துக்கு முதல் கட்டிய ஐஸ் ஆலையிலிருந்து வந்தது. மீனவர்களுக்கு ஐஸ் கட்டி விற்கும் தனியார் கம்பனி. மின்சார மேற்பார்வையாளர் வேலை, இரண்டு வருச ஒப்பந்தம், தங்க அறையும் தருவார்கள். அதைப் பிரித்தவுடன் என் கண் சம்பளத்துக்குப் போகவில்லை. வேலை செய்யும் இடம் என்ற வரியில் நெடுந்தீவு என்று இருந்தது. அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவர் சைக்கிளில் வர, நான் ஆலையிலிருந்து வர, ஒரு சாதாரண புதன்கிழமையில் இரண்டு பேரும் ஒரு குசினியில் நின்று தேத்தண்ணி குடிப்பதை நினைத்தேன். பள்ளிக்கூடம் உள்ள ஒரு புதன்கிழமையில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைக் களைப்பும் ஞாயிற்றுக்கிழமை யோசனையும்தான்.

இரண்டாவது கடிதம் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து. கட்டடங்களுக்கு மின்சார அமைப்பும் கூரைச் சூரியத் தகடுகளும் வடிவமைத்துக் கொடுப்பார்கள். நிரந்தர வேலை. ஆனால் ஆலையில் ஒன்றரை ரூபா வரும் இடத்தில் இங்கே ஒரு ரூபாதான் வரும்.

அந்தச் சனிக்கிழமை அவர் பரீட்சைத் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். சம்பளம், படிக்கக் கிடைக்கிறது, மேலாளர், பத்து வருசத்தில் எங்கே நிற்பீர் என்று நாலு நிரல். இரண்டு நிரையில் இரண்டு வேலை.

"முதல் சம்பளத்தைப் பாப்பம்," என்றார். "மொத்தத்தைப் பாக்காதையும். கடிதத்தைப் பிரிச்சுப் பாரும்."

பிரித்துப் பார்த்தோம். ஆலை தருவதாகச் சொன்னதில் பெரிய பங்கு மேலதிக நேரக் காசும் பயணப்படியும். அடிப்படைச் சம்பளம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதி அடிப்படைக்குத்தான் கட்டுவார்கள், மேலதிக நேரத்துக்கும் பயணப்படிக்கும் கட்டமாட்டார்கள். மேலதிக நேரமும் ஆலை முழு நேரம் ஓடும் மாதத்தில்தான் வரும். காற்றுக் காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் யாருக்கு?

"அப்பவும் ஆலையிலைதான் கூட வரும்," என்றேன். "அறையும் சும்மா."

"ஓம், கூடத்தான். அதைக் கூட எண்டே எழுதுவம்," என்று அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டார்.

படிக்கக் கிடைக்கிறது என்ற நிரலுக்கு வந்தபோது நான் இரண்டு நேர்முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். பட்டணத்து அலுவலகத்தில் என்னை நேர்முகம் கண்டவரே மேலாளர். நாற்பது வயது இருக்கும். ஒரு பண்ணை வீட்டின் வரைபடத்தைத் தந்து, கிணற்று மோட்டருக்கு வயர் எந்த அளவில் போட வேண்டும் என்று கேட்டார். மோட்டர் இழுக்கும் கரண்டைப் பார்த்து ஓர் அளவு சொன்னேன். "கரண்டுக்குக் காணும். ஆனால் கிணறு எவ்வளவு தூரத்திலை இருக்கு?" என்றார். அப்போதுதான் பிடிபட்டது. நீளமான வயரில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும், மோட்டர் திணறும். அதைவிடத் தடிப்பான வயர் வேண்டும். நான் வெட்கப்பட்டேன். அவர், "நானும் முதல் வருசம் இதிலைதான் பிழைவிட்டனான், மோட்டர் எரிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது," என்று சொல்லி, கணக்கை என் முன்னாலேயே செய்து காட்டினார். நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு, "அது எனக்கும் தெரியாது, பாத்துச் சொல்லுறன்," என்றார். அடுத்த நாள் உண்மையாகவே பார்த்துச் சொன்னார்.

ஆலை மேலாளர் மரியாதையானவர். கதிரை தந்து, குளிராகச் சோடா தந்து, என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இயந்திரங்களை யாரிடம் பழகுவேன் என்று கேட்டேன். "எல்லாம் புத்தகத்திலை இருக்கு தங்கச்சி," என்றார்.

இரண்டு மேலாளரையும் ஒவ்வொரு மணித்தியாலம்தான் பார்த்திருந்தேன். அதனால் ஆலையில் அந்த வேலையை முன்பு செய்துவிட்டு விலகியவரின் நம்பரைத் தேடிப் பிடித்து அன்றே கதைத்தேன். அவர் இப்போது வவுனியாவில் வேலை செய்கிறார்.

"சம்பளம் ஒருநாளும் பிந்தினதில்லை," என்றார். "அந்த மனுசன் கெட்டவரும் இல்லை. ஆனால் மின்சாரப் பனல் பெட்டித் திறப்பை ஆரிட்டையும் குடுக்கமாட்டார். அலாம் அடிச்சால் அவரைக் கூப்பிட்டுத்தான் திறக்கவேணும். இல்லாட்டிக் கொழும்பிலை இருந்து கம்பனி ஆள் வருவார். நான் ஒண்டரை வருசமாய் மீட்டர் பாத்துக் கொப்பியிலை எழுதினனான்."

"வேறை ஒண்டும் செய்ய விடேல்லையோ?"

"பயம் அவருக்கு. ஏதும் பழுதாய்ப்போனால் தன்ரை தலையிலை விழும் எண்டு. பிழை சொல்ல ஏலாது. ஆனால் நான் போகேக்கை தெரிஞ்சதோடைதான் திரும்பி வந்தனான்."

அதைக் கணவரிடம் சொன்னேன். அவர் அந்த இரண்டு நிரலிலும் பட்டணத்துக்குச் சரி போட்டார். கடைசி நிரலில் அதிகம் யோசிக்க இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் நான் மீட்டர் பார்க்கத் தெரிந்தவளாக முப்பத்திநாலு வயதில் மறுபடி வேலை தேடுவேன். பட்டணத்தில் வடிவமைக்கப் பழகினால் பிறகு எங்கேயிருந்தும் வரையலாம். கண்டியிலோ கனடாவிலோ இருக்கிறவருக்குக்கூட வரைந்து கொடுக்கலாம்.

தாள் முடிந்துவிட்டது. மூன்றுக்கு ஒன்று. நான் அதை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

"நாங்கள் எண்டு ஒரு நிரல் போடேல்லையே நீங்கள்," என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அதைப் போட்டால் மற்ற ஒண்டையும் பாக்க ஏலாது," என்றார். "அதுதான் போடேல்லை."

"உங்களுக்கு நான் அங்கை வர விருப்பமில்லையோ?"

"என்ன கதை இது. கடிதம் வந்ததெண்டு நீர் போனிலை சொன்ன அண்டைக்கே நான் போய் அந்த ஆலை அறையைப் பாத்தனான். யன்னலுக்காலை கடல் தெரியுது. ஒரு அலுமாரி வைக்கலாம். எனக்கு விருப்பமில்லை எண்டு நினைக்காதையும். நீர் அங்கை வந்து ஒரு வருசத்திலை அலுத்துப்போய் என்னைப் பாத்தீரெண்டால், அந்த முகத்தைத் தாங்க எனக்கு ஏலாது."

அவர் அந்த அறையைப் போய்ப் பார்த்தது எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு அவர் சொன்ன நியாயம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஆலைக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நான் போன் எடுத்து வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டேன். மறுக்காமல் தந்தார்கள். அந்த நாலு நாளும் தனியாக வீட்டில் இருந்தேன். இரண்டு தரம் ஆலைக்கு ஓம் என்று கடிதம் எழுதி, இரண்டு தரமும் அழித்தேன். புதன்கிழமை பட்டணத்து மேலாளரைக் கூப்பிட்டு, சம்பளம் கூட்ட முடியுமா என்று நேராகவே கேட்டேன்.

"இப்ப ஏலாது," என்றார். "இருக்கிற ஆக்களுக்கும் அதுதான். ஆறு மாதம் முடிய வேலையைப் பாத்துக் கூட்டுவம்."

"அதைக் கடிதத்திலை போட்டுத் தருவியளோ?"

சிரித்தார். "ஓம், அது நியாயம்தான். போட்டு அனுப்புறன்." பின்னேரமே திருத்திய கடிதம் வந்தது.

வியாழக்கிழமை ஆலை மேலாளருக்கு, தந்த வாய்ப்புக்கு நன்றி, என்னால் வர இயலாது என்று நாலு வரி எழுதினேன். அனுப்பிவிட்டு நெடுந்தீவுக்குப் போன் எடுத்தேன். அவர் இடைவேளையில் நின்றார், பின்னால் பிள்ளைகள் சத்தம். சொன்னேன். "நல்லது," என்றார். இன்னொரு தரம், "நல்லதுதான்," என்றார். மணி அடித்துவிட்டது.

இது நடந்து மூன்று வருசமாகிறது. மேலாளரைப் பற்றி நான் கணித்தது பிழையாகப் போகவில்லை. ஆறாம் மாதம் சொன்னபடி சம்பளம் கூட்டினார். பிழைவிட்டால் வரைபடத்தை மேசையில் விரித்துப் பக்கத்தில் இருந்து திருத்துவார். போன வருசம் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் மின்சார அமைப்பு முழுவதையும் நானே வரைந்தேன். அது ஒரு பெரிய சந்தோசம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஐஸ் ஆலையும் நன்றாகத்தான் ஓடுகிறது. நான் போகாத வேலைக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு இன்னும் இரண்டு வருசம் நீட்டினார்கள். மனைவியையும் கூட்டிவந்துவிட்டார். அவர்கள் என் கணவருக்குப் பழக்கமாகி, சில நாளில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்களாம். "நல்ல சனம்," என்பார். மனைவி என்ன கறி வைத்தாள் என்று நான் கேட்பேன். அவர் சொல்லுவார். கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன், பிறகும் கேட்பேன்.

இடமாற்றத்துக்கு அவர் மூன்று தரம் விண்ணப்பித்துவிட்டார். பதிலுக்கு வர ஓர் ஆசிரியர் கிடைத்தால்தான் விடுவார்களாம். இன்னும் கிடைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காற்று. மத்தியானமே படகு ஓடாது என்று அவர் செய்தி அனுப்பினார். நான் வேலை முடிந்து வழக்கமான பஸ்ஸில் ஏறினேன். கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது, இரண்டு பக்கத்திலும் தண்ணி மண்ணிறத்தில் கலங்கிக் கிடந்தது. போன் எடுத்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன்.

"சும்மா வெளியிலை நிக்கிறன். கல்லு மதிலுக்கு மேலாலை மண் பறக்குது. நீர் எங்கை?"

"பாலத்திலை."

"சரி. வீட்டை போனவுடனை சாப்பிடும். என்னை நினைச்சுக்கொண்டு இராதையும்."

ஓம் என்றேன். அவருக்கென்று காலையில் ஊறப்போட்ட உளுந்து வீட்டில் இருந்தது. போய் அதை அரைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை தோசை சுட்டு நான் தனியாகச் சாப்பிட்டேன்.