மாடியறையும் துபாய்த் தம்பியும்

மே மாதம் பிறந்தால் ரஃபியாவின் மாடியறை அடுப்பாகிவிடும். உத்தமபாளையத்துப் பள்ளிச் சீருடைகளை ஜூனுக்குள் தைத்துக் கொடுக்கவேண்டும். ஆனால் பகல் பன்னிரண்டுக்கே தலைக்கு மேலே கான்கிரீட் தளம் கொதித்து, தையல் மிஷினைத் தொட முடியாது. இந்த வருஷமும் துணி தாமதமானால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

துபாயிலிருந்து வந்திருந்த கொழுந்தன் தௌபீக்குக்கு எல்லாம் தெரியும். அதாவது, கேட்காதவற்றுக்கெல்லாம் பதில் தெரியும்.

“வெள்ளித்தாள் ஒட்டுன ஃபோம் மதினி. அங்கன எல்லாம் இதான்.”

ஒரு சுருள் வாங்கிவந்து, அறைக்குள்ளிருந்து தளத்தின் அடியில் பசை வைத்து ஒட்டினான். பளபளப்பு அசிங்கமாக இருக்கிறதென்று அதன்மேல் பிளைவுட் பலகையை இறுக்கி அடித்தான். மறுநாள் மூன்று மணிக்கு ரஃபியா அண்ணாந்து பார்த்தாள். பலகை மட்டும் புதிது, வெக்கை பழையதுதான்.

அவள் வரவழைத்த கொத்தனார் ராஜமணி பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“வெள்ளித்தாளுக்கு முன்னால காத்து இருக்கணும்மா, அப்பதான் வேலை செய்யும். இங்கன ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. இனி அது வெறும் அஞ்சு மில்லி ஃபோம்.”

“மேல ஹாலோ பிளாக் கல்லு பரப்புனா?” என்று கேட்டாள் ரஃபியா.

“வெயிலை நல்லாத்தான் தாங்கும். ஆனா இந்தப் பழைய தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது. இப்பவே கீறல் விட்டிருக்கு.”

மிஞ்சியது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. தௌபீக் வயிறு வலிக்கச் சிரித்தான்.

“பெயிண்டு அடிச்சு வெயிலை ஏமாத்துறீகளாக்கும்! பேசாம மிஷினை மூட்டை கட்டுங்க.”

ரஃபியாவுக்கு அவன் முகத்தில் கத்தரிக்கோலை வீசத் தோன்றியது. வீசவில்லை. மொட்டைமாடியில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் பூசச் சொன்னாள். காய்ந்ததும் உச்சிவேளையில் செருப்பில்லாமல் அதில் ஏறி நின்றாள், அசையாமல். அடுத்த அடியைப் பூசாத தளத்தில் வைத்தவள் துள்ளிக்கொண்டு திரும்பினாள். அது போதும் அவளுக்கு.

கீறலை அடைத்து, தளத்தைக் கழுவிக் காயவிட்டு, மொட்டைமாடி முழுக்க இரண்டு தடவை பூசினார் ராஜமணி. பிளைவுட்டைப் பிடுங்கித் துணி வெட்டும் மேசையாக்கினாள். மூச்சு விட இடம் கிடைத்ததில் வெள்ளித்தாளும் கொஞ்சம் உழைத்தது. குளிர்ந்துவிடவில்லை. ஆனால் மூன்று மணிக்கும் மிஷின் ஓடியது. சீருடைகள் மே கடைசியில் போய்ச் சேர்ந்தன.

மறு வாரம் தௌபீக் தலையணையோடு மாடியேறி வந்தான்.

“கீழ காத்தே இல்ல, வேக்காடு தாங்கல மதினி. இங்கன செத்த நேரம் படுத்துக்கிறேன்.”

ரஃபியா மிஷினை நிறுத்தினாள். மூலையிலிருந்த துடைப்பத்தையும் வாளியையும் எடுத்து அவன் முன் வைத்தாள்.

“பெயிண்டுல தூசி படிஞ்சா வெயிலு ஏமாறாது தம்பி. மேல போய்க் கழுவிட்டு வந்து படுங்க.”