மடியில் வந்த மாங்கன்று

இருசப்பன் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஒரு விடுதியின் தோட்டக்காரர். இறந்துபோன அவர் மனைவி சிறுமியாக இருந்தபோது நட்ட மாமரம் ஓசூர்ப் பக்கம் நின்றது. சாலை அகலப்படுத்த அதை வெட்டப்போவதாகக் கேட்டதும் போய், கிளைநுனிகளை ஐந்து நாட்டுக் கன்றுகளில் வைத்து ஒட்டுக் கட்டினார். ஒன்றுதான் பிடித்தது. மரம் போய்விட்டது.

அந்தக் கன்றைக் குச்சியோடு கட்டி, தாள் சுற்றி, அது வளர்ந்த மண்பையின் அடியைத் தாங்கியபடி ஊர் திரும்பும் பேருந்தில் நின்றார்.

“குடுங்க, மடியில வெச்சிக்கிறேன்,” என்றாள் உட்கார்ந்திருந்த பெண்.

“அடியில பிடிங்கம்மா. தண்டத் தொடாதீங்க.”

“மூணு புள்ள வளத்திருக்கேன். இது என்ன பெரிசு.”

மூன்று மணி நேரம் அசையாமல் வைத்திருந்தாள். செங்கத்தில் இறங்கும் அவசரத்தில் தண்டைப் பிடித்துத் தூக்கி நீட்டினாள். குச்சி மண்ணிலிருந்து கழன்றது. பையின் கனமெல்லாம் ஒட்டில் விழுந்தது. இருசப்பன் அடியைத் தாங்குவதற்குள் ஒட்டு கிழிந்துவிட்டது.

“பாருங்க, ஒரு எலகூட உதிரல.”

“ஆமாம்மா,” என்றார்.

ஒட்டுக்கு மேலே இருந்த மனைவி மரத்து நுனி இரண்டு நாளில் காயும். கீழே இருந்தது தழைக்கும். ஆனால் அது யாரோ தின்று போட்ட கொட்டையின் கன்று. திருவண்ணாமலையில் இறங்கியதும் அதை நிலையத்துச் சுவரோரம் வைத்துவிட்டு நடந்தார்.