ஓட்டை அட்டையும் இருபது காலியிடங்களும்

எங்கள் அண்ணனுக்கு ஆங்கில இலக்கணத்தில் ஒரே ஒரு மூலைதான் சொந்தம். ‘இன்ட்ரஸ்டட்’ வந்தால் பின்னால் ‘இன்’, ‘ரெஸ்பான்சிபிள்’ வந்தால் ‘ஃபார்’, ‘கேப்பபிள்’ வந்தால் ‘ஆஃப்’, ‘ரீசன்’ வந்தால் ‘ஃபார்’ என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் மூலை. ஜெராக்ஸ் கடை மாடியில், பதினேழு வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்தே குடும்பத்தை ஓட்டினார். நான் அங்கே மேஜையில் உட்கார்ந்து, வினாத்தாள் அடிப்பது, தேர்வு விண்ணப்பம் அனுப்புவது எல்லாம் பார்த்துக்கொண்டேன்.

“அர்த்தத்தைத் தோண்டாதீங்க. முன்னாடி நிக்கிற வார்த்தை யாரைக் கூட்டிட்டு வருதுன்னு மட்டும் பாருங்க,” என்பார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார். திருத்துவதில்தான் சோம்பேறி. ஒரு அட்டையில் சரியான விடை வரும் இடங்களில் ஓட்டை போட்டு வைத்திருப்பார். விடைத்தாள் மேல் அதை வைத்து, ஓட்டையில் தெரியும் கறுப்பு வட்டங்களை எண்ணுவார். வார்த்தையைப் பார்ப்பதே இல்லை. “அட்டை தப்பு பண்ணாது” என்று பெருமை வேறு.

எங்கள் மாணவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். வயது நாற்பத்து நாலு. கட்டில் தள்ளித் தள்ளி முதுகு போய்விட்டது. ஆங்கிலத் தாளும் உள்ள துறைத் தேர்வில் தேறினால் ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்கும். வயது வரம்பு அடுத்த வருஷம் தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு. பணிநேரம் முடிந்து, சீருடையோடு வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள்.

பார்த்து எழுதுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, மாதிரித் தேர்வுக்கு அண்ணன் முதல்முறையாக இரண்டு வகைத் தாள் அடிக்கச் சொன்னார். கேள்வி அதேதான். ‘அ’ தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இருந்த நாலு விடைகளை ‘ஆ’ தாளில் வரிசை மாற்றிக் கலைத்தேன். ஒன்றுவிட்டு ஒருவருக்கு ‘ஆ’ தாள் போனது. ஆனால் அண்ணனிடம் ஓட்டை போட்ட அட்டை ஒன்றுதான். ‘அ’ தாள் அட்டை.

அவளுக்கு இருபதுக்கு ஐந்து. “பாதி வகுப்பு புத்தகத்தையே தொடலை” என்று அண்ணன் குதித்தார். அந்தப் பாதி யார் என்று பார்க்க எனக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டவேண்டும். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். மாலை ஐந்து மணிவரைதான் இணையதளம் ஏற்கும். மூன்றரைக்கு அவள் படியேறி வந்து, எங்கள் பயிற்சிப் புத்தகத்தையும் வினாத்தாளையும் என் மேஜையில் வைத்தாள்.

“எனக்கு இது சரிப்படாதுக்கா. நான் விண்ணப்பிக்கலை. புத்தகத்தை வேற யாருக்காவது குடுங்க.”

அவள் வினாத்தாளில் ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சிலில் விடையை எழுதிப் பார்த்திருந்தாள். அது அவள் பழக்கம். சும்மா கண்ணை ஓட்டினேன். ‘குட் அட்’. ‘இன்சிஸ்ட் ஆன்’. ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. எனக்கே தெரிந்த விடைகள். இதற்கா ஐந்து மார்க்? மூலையில் பார்த்தால் ‘ஆ’ என்று இருந்தது. அண்ணன் திருத்தியது ‘அ’ அட்டையை வைத்து.

“அண்ணா, இங்க வா.”

அண்ணன் வந்து, நின்றபடியே படித்தார். உட்கார்ந்து மறுபடி படித்தார். ‘சொல்யூஷன்’ வந்த இடத்தில் மட்டும் ‘டு’வுக்குப் பதிலாக ‘இன்’ போட்டிருந்தாள்.

“பத்தொன்பதும்மா,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “தப்பு என் மேல. வேற தாளோட அட்டையை வச்சுத் திருத்திட்டேன்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. “ஒரு தடவை படிச்சிருக்கலாமே சார்!” என்றாள். “ஆமாம்மா,” என்றார் அண்ணன். எனக்கு அவர்மேல் எரிச்சலும் இரக்கமும் சேர்ந்து வந்தன.

அவள் கோபம் தணிந்து சரி என்றதும், நாலே காலுக்கு விண்ணப்பத்தைத் திறந்தேன். அவள் விவரம் சொல்லச் சொல்ல அடித்து, நாலே முக்காலுக்கு அனுப்பினேன். அதற்குள் அண்ணன் வருகைப் பதிவேட்டில் நம்பர் பார்த்து ‘ஆ’ தாள் எழுதிய மற்றவர்களுக்கெல்லாம் போன் போட்டு, ஒவ்வொருவரிடமும் தன் தப்பைச் சொல்லிவிட்டார்.

பிறகு அவளிடம் வந்து, தைரியம் கொடுக்கும் எண்ணத்தில், “சொல்லும்மா, ரெஸ்பான்சிபிள்?” என்றார்.

அவள் மேஜைமேல் இருந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அஞ்சு மார்க் வந்ததும், நான் கத்துக்கிட்டது எல்லாம் தப்புன்னு நெனச்சேன் சார். ஒரு வாரமா எல்லாத்தையும் மாத்தி மாத்தி எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன்,” என்றாள். அப்புறம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: “ஃபார்... தானே சார்?”