பில்லில் இருந்த பெயர்

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். எனக்கு வாய்த்தவருக்கோ திருச்செந்தூர்ச் சாமியின் பெயர். கோயில் வாசலில் நின்று சாமியைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் போனது. "செந்தூர்க்காரரே" என்று சமாளிப்பேன். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். பத்து வருஷம் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. இப்படியெல்லாம் நான் காத்த ஆயுசை விஷக்காய்ச்சல் பதினோரு நாளில் தின்று முடித்தது. சொல்லி வைத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் எங்களுக்குக் கயிறும் கித்தானும் விற்கிற கடை. தோணிக்காரர்கள் பாய்மரப் பாய்க்கு வேண்டிய கித்தான் துணியை எங்களிடம்தான் வாங்குவார்கள். அவர் போனதும், கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு உடன்குடிக்கே வந்துவிடு என்று பிறந்த வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனமில்லை. நானும் என் மகளும் யார் வீட்டு மூலையிலும் போய் ஒடுங்குவதாக இல்லை. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டாவது வரை படித்த கை சும்மாவா இருக்கும்? கடையில் நெடுநாளாகக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்னை விற்பனை வரி ஆபீசுக்குக் கூட்டிப் போனார். என் வீட்டுக்காரருடைய பதிவுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பெயரில் புதுப் பதிவு வாங்கினோம். புதுப் பெயர், புது நம்பர். ஆபீசில் இறந்தவர் பெயரைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளைதான் சொன்னார்.

அதன் பிறகு நான் செய்த காரியத்தை வேறு ஊர்க்காரி செய்திருக்க மாட்டாள். மதராஸில் எங்களுக்குக் கித்தான் அனுப்புகிற வியாபாரிக்கு ஆர்டர் எழுத வேண்டியிருந்தது. இன்னார் காலமானார், இனி இந்தப் பெயருக்கு, இந்த நம்பருக்கு பில் போடுங்கள் என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். அவர் பெயரை எழுதாமல் அந்த இரண்டு வரியை எழுத முடியாது. அதனால் பழைய லெட்டர் தாளையே எடுத்தேன். தலைப்பில் அவர் பெயரும் பழைய நம்பரும் அச்சடித்திருக்கும். அதன் கீழே எத்தனை சுருள் கித்தான் வேண்டும் என்று மட்டும் எழுதி, "கடைக்காக" என்று கையெழுத்துப் போட்டேன்.

"பழைய தாளா தாயி?" என்று பிள்ளை கேட்டார்.

"தாளு கெடைக்காத காலத்துல இத வீணாக்கவா சொல்லுதிய, அண்ணாச்சி?" என்றேன்.

பச்சைப் பொய். அவர் நம்பவில்லை, ஆனால் வாதாடவும் இல்லை.

சரக்கு ரயிலில் வந்தது. பில் தபாலில் வந்தது. மேலே அவர் பெயர், பக்கத்தில் "அவர்களுக்கு", கீழே அவருடைய வரி நம்பர். எவனோ ஒரு குமாஸ்தா, அவர் உயிரோடு கடையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அழகாக எழுதியிருந்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மதராஸில் அவர் இன்னும் சாகவில்லை. பில்லைப் பிள்ளையிடம் கொடுக்காமல், வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் சட்டைகளோடு வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வரி ஆபீசர் கடைக்குக் கணக்குப் பார்க்க வந்தார். சரக்கு இருக்கிறது, வாங்கின பில் எங்கே என்றார். வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். பில்லைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இந்தச் சரக்க வாங்குனது யாரும்மா? நீங்களா, அவரா?"

"நாந்தான்."

"பில்லு அவர் பேர்ல இருக்கு. நம்பரும் நாங்க ரத்து பண்ணுன நம்பர். இத வச்சுப் பாத்தா, செத்தவர் வியாபாரம் பண்ணுதாரு, நீங்க சும்மா பேருக்குப் பதிவு வாங்கிருக்கீயன்னுதான் நான் எழுதணும். பதினைஞ்சு நாள் தாரேன். உங்க பேர்ல, உங்க நம்பர்ல சரியான பில்லு வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி பதிவை ரத்து பண்ணச் சொல்லி மேல எழுதிருவேன்."

அவர் மேல் குற்றமில்லை. பதிவு போனால் கடை போகும். கடை போனால் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உடன்குடிக்கு நடக்க வேண்டியதுதான்.

ஆபீசர் போனதும் பிள்ளை பேனாவை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தப்பு என்னோடது. நானே எழுதுதேன்."

இன்ன தேதியிட்ட, இன்ன நம்பர் பில் வந்து சேர்ந்தது என்று ஆரம்பித்தேன். சரக்கிலும் அளவிலும் விலையிலும் மாற்றம் இல்லை, வாங்குபவர் பெயரும் வரி நம்பரும் மட்டும் மாற வேண்டும் என்று எழுதினேன். அதுவரை கை ஓடியது. அடுத்த வரியில் "என் கணவர் பெயரில் பில் போடப்பட்டுள்ளது" என்று எழுதிப் பிள்ளையிடம் காட்டினேன்.

அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "கணவர்னா அவனுக்கு எப்பிடித் தாயி வெளங்கும்? பில்லுல என்ன பேரு இருக்கோ அதையே எழுதணும். அது தப்புன்னு எழுதணும். அப்பறம் சரியான பேரு."

வேறு தாள் எடுத்தேன். "திரு" என்று எழுதிவிட்டு நின்றேன். மை காய்ந்தது. மறுபடி தொட்டேன். பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய், துறைமுகத்துக்குப் போகிற மாட்டு வண்டிகளை வேடிக்கை பார்ப்பவர்போல் நின்றார். நல்ல மனுஷன்.

எழுதினேன். எட்டு எழுத்து. என் கையெழுத்தில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஊரெல்லாம் காட்டியிருப்பார். அதற்குப் பக்கத்திலேயே, "இந்தப் பெயர் தவறு" என்றும் எழுதினேன். பழைய நம்பரை எழுதி, அது ரத்தானது என்றேன். முதலாளி காலமானதை முன்பே தெரிவிக்காதது என் பிழை என்றும் ஒப்புக்கொண்டேன். பிறகு என் பெயர், என் நம்பர். பதிவுப் பத்திரத்தின் நகலையும் வைத்தேன்.

கவரை ஒட்டப் போனபோது, "அந்தப் பில்லையும் வைக்கணும் தாயி" என்றார் பிள்ளை. "பழசு திரும்பி வந்தாத்தான் அத அடிச்சிட்டுப் புதுசு போடுவாக. ஒரே சரக்குக்கு ரெண்டு பில்லு வெளியில நிக்கக் கூடாது."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நாள் ஓடுது தாயி என்றார். அவர் சொல்வது சரிதான் என்று தெரிந்தும் அவரோடு சண்டை போட்டேன், கத்தினேன், உங்களுக்கென்ன தெரியும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கடைசியில் நானே பில்லை மடித்து உள்ளே வைத்து, தபாலாபீசுக்கு நடந்து போய் ரிஜிஸ்தர் பண்ணினேன்.

பதினோராம் நாள் புதுப் பில் வந்தது. பழைய பில் ரத்து, அதற்குப் பதிலாக இது என்று அடியில் குறித்திருந்தார்கள். அதே குமாஸ்தாவின் அதே கையெழுத்து. என் பெயரில் பிழையில்லை, நம்பரில் பிழையில்லை. முதலாளி காலமானதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு துண்டுத் தாளும் இருந்தது. ஆபீசர் பார்த்துக் கணக்கில் கையெழுத்துப் போட்டார். கடை பிழைத்தது. அதை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் அன்றைக்கு ஆபீசர் போனதும், கித்தான் சுருள் மேல் உட்கார்ந்து, வாடிக்கைக்காரர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. அவர் பெயருக்கு இனி எந்த ஊரிலிருந்தும் தபால் வராது. வராதபடி எழுதிக் கேட்டுக்கொண்டது நான்தான்.