படத்தைப் பார்த்தே என் தம்பியைச் சாகடித்தார்கள்

என் தம்பி தரைக்குப் பாலிஷ் போடுகிறவன். புது வீடுகளில் கல் பதித்து முடித்ததும் பெரிய இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போய், முகம் தெரியும் அளவுக்குத் தரையைத் தேய்த்துக் கொடுப்பான். நடுத்தரைக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். மூலையும் படிக்கட்டும் சுவரோரமும் அப்படியில்லை. தண்ணீர் தெறித்தால் சுவரின் வெள்ளை கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் அங்கெல்லாம் கை மெஷினை வைத்து உலர்வாகவே தேய்ப்பான், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வாஷ்பேசினில் அவன் காறித் துப்புவது சாம்பல் நிறத்தில் கோழையாகத் திரண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. அதைக் கழுவிக் கழுவி எனக்கு அந்தத் தொழில் மேலேயே வெறுப்பு.

இருமல் அவனுக்குப் புதிதில்லை. சிகரெட்டும் உண்டு, தூசியும் உண்டு. ஆனால் போன வருஷம் வந்த இருமல் போகவே இல்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டான். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்ந்து வளைந்திருந்தன. தெருக்கோடி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். "டிபிதான். மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார். சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "சில பேருக்குச் சளியில தெரியாது." மாதக்கணக்கில் அந்த மாத்திரையைத் தின்று தம்பியின் சிறுநீர் சிவப்பானதுதான் மிச்சம். ஒருநாள் வாஷ்பேசினில் சாம்பல் கோழையோடு ரத்தம் நூலாக ஓடியிருந்தது. அதன்பிறகு அந்த டாக்டர் படியை நாங்கள் மிதிக்கவில்லை.

இந்த இடத்தில் ரேடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தம்பி பெண்டாட்டியின் தம்பி. தம்பியோடுதான் வேலை பார்க்கிறான். இவன் வேலைக்குச் சேர்ந்தபிறகு தம்பி நடுத்தரை, இவன் பெரும்பாலும் மூலையும் படிக்கட்டும். வாயை மூடத் தெரியாததால் அந்தப் பெயர். தெரிந்ததையும் சொல்வான், தெரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வான். அவனுக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. வாசலில் செயற்கை நீரூற்று, உள்ளே வாசனைத் திரவியம். அங்கே நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரல் மேல்பகுதியில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. அடுத்து சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி உடம்பு முழுக்க இன்னொரு ஸ்கேன். அந்தப் படத்தில் கட்டி விளக்கு மாதிரி எரிந்தது. நெஞ்சின் நடுவில் மூச்சுக்குழாயை ஒட்டி இரண்டு பக்கமும் இருந்த நெறிக்கட்டிகளும் சேர்ந்து எரிந்தன.

அங்கிருந்த டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வெளிச்சத்தையும் தட்டிக் காட்டினார். "ரெண்டு பக்கமும் போயிடுச்சு. ஆபரேஷனுக்கெல்லாம் வழியில்ல. நாளைக்கே கீமோ ஆரம்பிக்கலாம்" என்றார்.

"கட்டியில இருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன். எனக்கு மருத்துவம் தெரிந்து கேட்கவில்லை. டிபி என்று நம்பி ஏமாந்த சூடு இன்னும் ஆறவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள் ரேடியோ முந்திக்கொண்டான். "அக்கா, கட்டியில ஊசி குத்தினா உடம்பெல்லாம் பரவிடும். எங்க பெயின்டரோட சித்தப்பா அப்படித்தான் போனாரு." டாக்டர் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலமே விஷயம் தெரு முழுக்கப் போய்விட்டது. ரேடியோ ஒலிபரப்பினால் கேட்காத வீடு ஏது. பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். தம்பி கண் திறந்து படுத்திருக்கும்போதே, "எவ்வளவு நாள் சொன்னாங்க?" என்று அவன் பெண்டாட்டியிடம் கேட்டார்கள். பெரியம்மா மகன் ஒருவன் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, பெரிய மெஷினை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று விசாரித்தான். ரேடியோ, கைவசம் வேலை இருந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, இனிமேல் தன்னிடமே பேசச் சொல்லிவிட்டான். உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி நடத்துகிற மாதிரி இருந்தது. பிஸ்கட் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன். என்னைப் பிசாசு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எல்லாரும் போனபிறகு தம்பி என்னிடம் மட்டும் கேட்டான்: "அக்கா, அறுத்து எடுத்தா பிழைப்பேனா? அதை மட்டும் யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு."

கீமோவுக்குப் போகாமல் அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ரேடியோவும் ஒட்டிக்கொண்டான். அங்கே நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சுவரில் பெயின்ட் உரிந்த அறை, கால் ஆடும் நாற்காலி. தம்பியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பண்றீங்க?" என்பதுதான். தம்பி சொன்னான்.

"சரி. கட்டி புற்றா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா அதுலயே பல ரகம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. சிலதுக்கு மாத்திரையே உண்டு. பேர் தெரியாம மருந்து ஏத்த முடியாது. அப்புறம் இந்த நெறிக்கட்டிங்க. இதுல புற்று இருந்தா ஆபரேஷன் கிடையாது. இல்லன்னா உண்டு. முழு வித்தியாசமும் இங்கதான் இருக்கு."

"படத்துல எரியுதே மேடம்" என்றான் ரேடியோ.

"சர்க்கரையை யார் அதிகம் இழுக்கறாங்களோ அவங்க எரிவாங்க. புற்றும் இழுக்கும், பழைய டிபியும் இழுக்கும், கல்தூசி போய்த் தங்கின நெறிக்கட்டியும் இழுக்கும். எது இழுக்குதுன்னு படம் சொல்லாது. எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

ஊசி குத்தினால் பரவும் என்பதை ரேடியோ இங்கேயும் அவிழ்த்துவிட்டான். டாக்டரம்மா கோபப்படவில்லை. "அது ரொம்ப ரொம்ப அபூர்வம். பயந்துக்கிட்டு பேர் தெரியாத நோய்க்கு மருந்து ஏத்துறதுதான் ஆபத்து" என்றார்.

தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்து, தம்பியை மயக்கி, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் நுனியில் ஸ்கேன் வைத்த ஒரு குழாயை விட்டார்கள். மூச்சுக்குழாயின் சுவரைத் தாண்டி ஊசி நெறிக்கட்டிக்குள் போகும் என்று முன்னாலேயே விளக்கியிருந்தார்கள். கட்டியில் முதலில் குத்த மாட்டார்களாம். கட்டிக்கு எதிர்ப்பக்கத்து நெறிக்கட்டியில் ஆரம்பித்து, நடுவுக்கு வந்து, கடைசியில்தான் கட்டி. மாற்றிச் செய்தால் ஊசியில் ஒட்டிய புற்றணு நல்ல நெறிக்கட்டியின் கணக்கில் ஏறிவிடும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இதைக் கேட்டதும் எனக்கு நீரூற்று ஆஸ்பத்திரியின் பேனா ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியதை அந்த ஆள் பேனாவால் தட்டியே முடித்துவிட்டான்.

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி மட்டும் கிழிந்த சட்டைகளை எடுத்து வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "கட்டி புற்றுதான். ரகமும் தெரிஞ்சுடுச்சு. நெறிக்கட்டி எதுலயும் புற்றணு இல்ல. ஊசி சரியான இடத்துலதான் போயிருக்கு, நெறிக்கட்டியோட அணுக்கள் நிறைய வந்திருக்கு. அதோட கல்தூசி. அப்பி வெச்ச மாதிரி தூசி."

தம்பி பெண்டாட்டிக்குப் புரியவில்லை. "அப்போ நல்லதா, கெட்டதா அண்ணி?" என்று என் கையைப் பிடித்தாள்.

"ஆபரேஷன் பண்ணலாம்ங்கிறது நல்லது" என்றார் டாக்டரம்மா. "சர்ஜன் முதல்ல கழுத்துக்குக் கீழ சின்னதாக் கீறி நெறிக்கட்டியை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பாரு. அதுலயும் சுத்தம்னா மேல்பகுதி நுரையீரலை எடுத்துடுவாரு. மூச்சுப் பரிசோதனை பரவாயில்லாம இருக்கு, மிச்ச நுரையீரல் தாங்கும். ஆனா உள்ள இருக்கிற தூசிக்கு மருந்து கிடையாது. இனிமே இந்த வேலை வேண்டாம்."

தம்பி முதல்முறையாக அழுதான். பிழைப்பதற்கு அழுதானா, தொழில் போனதற்கு அழுதானா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மா ரேடியோ பக்கம் திரும்பினார். "நீங்களும் இதே வேலைதானே? மூலையெல்லாம் யார் தேய்ப்பாங்க?"

ரேடியோ கதவுப் பக்கம் நகர்ந்தான். தம்பிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன்தான் டாக்டர். பெரும்பாலும் காய்ஞ்ச தூசி இவனுக்குத்தான்" என்றான்.

எக்ஸ்ரே அறைக்கு நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் போனேன். படத்தில் இரண்டு நுரையீரலிலும் அரிசி நொய்யை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். இடது பக்கம் மேலே மட்டும் அவை கூடித் திரண்டு ஒரு திட்டாக நின்றன. "தூசியா இருக்கலாம், டிபியா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். இதை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சளியும் ஸ்கேனும் பார்ப்போம். தேவைன்னா ஊசி" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முகம் செத்துப் போயிருந்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெருவுல தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க" என்றான்.

என் தம்பியைத் தெரு முழுக்கக் கொன்றவன் இவன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்திருப்பேன். அவனைப் பார்க்கவே அருவருப்பாகத்தான் இருந்தது.

"எதைச் சொல்றது? பேரே தெரியலையே" என்றேன். "எழுந்திரு, சளி கொடுக்கிற வரிசை நீளமா இருக்கு."