முதல் ஆண்டுக்கு ஐம்பது போதும்

எங்கள் ஊரான புக்கிட் பெலண்டோக்கில் ரப்பர் மிதியடித் தொழிற்சாலை தொடங்க வங்கிக் கடன் கேட்டிருந்தேன். என் கணக்காளர் என்னிடம் காட்டாமலே வங்கிக்குக் கொடுத்த திட்டத்தில், இயந்திரங்கள் முதல் ஆண்டிலேயே முழுத் திறனில் தொண்ணூறு விழுக்காடு ஓடும் என்றிருந்தது.

வங்கி அதிகாரியான தமிழ்ப் பெண் சிரித்தார். “அங்கிள், இத நம்பி லோன் குடுக்க முடியாது.”

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன்.

“கத்தி வச்ச மொத வருசமே மரம் முழுசா பால் குடுக்குமா லா? ஆளுங்க கை பழகணும், வாங்குறவன் நம்பணும். ஐம்பது போடும்மா. அடுத்த வருசம் எழுபது, அப்புறம் எண்பத்தஞ்சு.”

“ஐம்பதுல தவணை கட்டிருவீங்களா?”

“நாப்பது ஓடுனாலே செலவும் தவணையும் அடங்கிரும்.”

அவர் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு வந்தது. கடன் கிடைத்தது. இரண்டு விழுக்காடு பிசகினேன் என்று இன்றும் கேலி செய்வார். கணினி இல்லாமல் சொன்னேனே, அதைச் சொல்லமாட்டார்.